வெட்டிய இரண்டு வரிகள்

பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுக்கும் டீச்சர், ஆறு தொகுதிகளின் தேர்தல் முடிவுப் பக்கங்களைத் தன் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். ஆசிரியர் அறையில் மதிய இடைவேளை. மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார்கள். ஒவ்வொரு படத்தையும் திறந்து, விரலால் ஓரத்தை இழுத்து, வேண்டாததை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வலது ஓரத்தில் சதவீதக் கட்டம். அது இருந்தால் பிள்ளைகள் கணக்குப் போடாமல் பார்த்து எழுதிவிடுவார்கள். வெட்டினாள். கடைசி வரியில் மொத்த வாக்குகள். அதையும் அவர்களே கூட்டிக் கண்டுபிடிக்கட்டும் என்று வெட்டினாள். ஐந்து படங்களுக்கு இப்படி. ஆறு படங்களில் நான்காவது, அவர்களுடைய சொந்தத் தொகுதி. அதில் மொத்தத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு வரிகளை மேலே ஏற்றி வெட்டினாள்.

அந்த இரண்டில் கீழே இருந்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. 206 ஓட்டு வாங்கிய ஏதோ ஒரு சுயேச்சை. அவருக்கு மேலே இருந்தவர் பூட்டுச் சின்னம், 611 ஓட்டு. அவளுடைய வீட்டுக்காரர்.

இருபது வருஷம் ஒரே கட்சியில் இருந்தவர் அவர். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கட்சி நோட்டீஸெல்லாம் அங்கேதான் அச்சாகும், பாதி ஓசியில். வாக்காளர் பட்டியலை வீதி வீதியாக மனப்பாடம் செய்து வைத்திருப்பார். தேர்தல் வந்ததும் இந்த முறை நமக்குத்தான் என்று கடையில் வேலை செய்யும் பையன் வரைக்கும் நம்பினார்கள். கட்சியோ, சேர்ந்து பதினொரு மாதமே ஆன லாரி முதலாளிக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டது. வீட்டுக்காரர் ரோஷத்தில் தனியாக நின்றார். அவருக்குக் கிடைத்த சின்னம் பூட்டு. லாரிக்காரர் 409 ஓட்டில் தோற்றார். அன்றிலிருந்து வீட்டுக்காரருக்குப் பேர் பூட்டு. "பூட்டு வருது பாரு" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். தோற்ற கட்சிக்காரர்கள் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். ஜெயித்த கட்சிக்காரர்கள் மட்டும் வழியில் பார்த்தால் கும்பிடு போட்டு, "உங்க புண்ணியம்ண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

இதில் டீச்சருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்த லாரிக்காரர்தான் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர். டீச்சர் நிரந்தர ஆசிரியை கிடையாது. வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். முடிவு வந்த மறுவாரம் தலைவர் பள்ளிக்கு வந்தபோது, எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு, "வீட்டுக்காரர் பண்ணதுக்கு டீச்சர் என்ன செய்வாங்க? நீங்க பயப்படாம வேலையப் பாருங்கம்மா" என்றார். பெரிய மனசு என்று எல்லாரும் மெச்சினார்கள். அவளும் கைகூப்பினாள். அந்தப் பெரிய மனசு அன்றிலிருந்து அவள் தலைக்கு மேல் கல்லாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பாடத்திட்டத்தில், சொந்தத் தொகுதியும் அண்டைத் தொகுதிகளும் என்று போட்டிருந்தது. அதனால் நான்காவது படத்தை விட முடியாது. ஹெச்.எம். வேறு, "நம்ம தொகுதிய வைங்க, ஆனா பாத்து வைங்க" என்று சொல்லியிருந்தார். பாத்து என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

படங்களைத் தன் வீட்டுக் கடையில் அச்சுப் போடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் வேறொரு கடையில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

*

"வாக்கு சதவீதம்னா என்ன? ஒருத்தர் வாங்கின ஓட்ட, எல்லா வேட்பாளரும் சேர்ந்து வாங்கின செல்லுபடியான ஓட்டால வகுத்து, நூறால பெருக்கணும்" என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினாள். "வித்தியாசம்னா முதல் ஆள்லேர்ந்து ரெண்டாவது ஆளக் கழிக்கணும். மூணாவது ஆளு அதுல வரமாட்டாரு. அந்த வித்தியாசத்தையும் மொத்தத்தால வகுத்தா, எத்தனை சதவீதத்துல ஜெயிச்சாருன்னு தெரியும். ரெண்டு தசமம் வரைக்கும் போதும்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "வாக்காளர் பட்டியல்ல இருக்கிற எல்லாரையும் வெச்சு வகுக்கக் கூடாதா டீச்சர்?" என்றான்.

"ஓட்டே போடாம வீட்டுல தூங்கினவனை எதுக்குடா இதுல இழுக்குற? அது வேற கணக்கு. அதுக்குப் பேரு வாக்குப்பதிவு."

வகுப்பு சிரித்தது. ஆறு குழுக்களுக்கும் ஆறு தாள். ஒவ்வொரு படத்தின் உச்சியிலும் வெற்றி பெற்றவரின் போட்டோவும் அவர் வாங்கிய ஓட்டும் சதவீதமும் சின்ன எழுத்தில் இருந்தன. "உங்க விடை மேல இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போனா நீங்க கூட்டினது சரி" என்றாள். சொன்ன பிறகுதான் நான்காவது தாள் நினைவுக்கு வந்தது. ஓரத்தையும் அடியையும் வெட்டியவள் உச்சியை மறந்திருந்தாள்.

நான்காவது தாள் போன குழுவில் புள்ளி இருந்தாள். அது அவளுடைய பேரில்லை. பஸ் டிரைவரின் மகள். எதைக் கேட்டாலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை சொல்லுவாள். உயரம் கேட்டால்கூட அப்படித்தான். பிள்ளைகள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அதிகம் பேசமாட்டாள். பிடித்தால் உடும்புப் பிடி.

பத்து நிமிஷத்தில் கை தூக்கினாள். "டீச்சர், எங்களுக்கு ஒத்துப்போகல."

"திரும்பக் கூட்டிப் பாரு."

"மூணு தடவ கூட்டிட்டோம். அஞ்சு பேரு ஓட்டும் சேர்ந்து 1,23,475. முதல் ஆளு 52,318. வகுத்தா 42.37 வருது. மேல 42.09ன்னு இருக்கு."

"ரவுண்ட் பண்ணதுல வந்திருக்கும்."

"ரவுண்ட் பண்ணா ரெண்டாவது தசமத்துல ஒண்ணு கூடலாம், குறையலாம். இது 0.28 இருக்கே டீச்சர்."

மற்ற ஐந்து குழுக்களுக்கும் ஒத்துப்போயிருந்தது. அவர்கள் தாளை மடித்து விசிறிக்கொண்டு இந்தப் பக்கம் வேடிக்கை பார்த்தார்கள்.

"தாள்ல என்ன இருக்கோ அத வெச்சு எழுதும்மா. நேரமாகுது" என்றாள் டீச்சர். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. வித்தியாசம் எப்படியும் 409தானே, அதை எந்த மொத்தத்தால் வகுத்தாலும் 0.33தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். புள்ளி குழுவின் தாளில் 42.37, 42.04, 11.56 என்று வரிசையாக எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, சின்ன எழுத்தில் இப்படி இருந்தது:

"இந்தப் படம் முழுமையானது இல்லை. 52,318 ஓட்டு 42.09 சதவீதம் என்றால் மொத்தம் சுமார் 1,24,300 இருக்க வேண்டும். நமக்குக் கிடைப்பது 1,23,475. ரவுண்ட் செய்ததை விட்டுக்கொடுத்தாலும் 811 முதல் 840 ஓட்டு வரை காணவில்லை. இது வெற்றி வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு. காணாமல் போனவர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று தெரியாமல் இந்தத் தொகுதியைப் பற்றி எதுவும் முடிவாக எழுத முடியாது."

611-உம் 206-உம் சேர்ந்தால் 817. பார்க்காத வரிகளை அந்தப் பெண் கிட்டத்தட்ட எடை போட்டு எடுத்திருந்தாள். இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு விடைத்தாளை டீச்சர் கண்டதில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். பிறகு மூடியைத் திறந்து, "கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்" என்று எழுதி, இருபதுக்குப் பன்னிரண்டு போட்டாள். முழு மதிப்பெண் போட்டால், இந்தத் தாள் ஹெச்.எம். பார்வைக்குப் போகும். அதுதான் காரணம்.

"என்ன திருத்துற?" என்று அறைக்குள் எட்டிப் பார்த்தார் வீட்டுக்காரர்.

"தேர்தல் பாடம்."

"உதாரணம் காட்ட என்னைக் கூட்டிட்டுப் போயேன். எப்படித் தோக்கணும்னு சொல்லிக் குடுக்குறேன்." அவரே சிரித்துக்கொண்டு நகர்ந்தார். அவள் தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

*

மறுநாள் புள்ளி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் நோட்டு. "நேத்து அப்பா வந்ததும் அவர் போன்ல பாத்தேன் டீச்சர். ஏழு பேரு இருக்காங்க. நமக்கு வந்த படத்துல கடைசி ரெண்டு பேரு இல்ல. 611, 206. மொத்தம் 1,24,292. இப்ப வகுத்தா 42.09 சரியா வருது."

பக்கத்து மேசையில் கணக்கு வாத்தியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அவர் காது நீண்டது போலத் தோன்றியது.

"நான் படம் எடுத்தப்ப அவ்வளவுதான் இருந்துச்சு. அப்புறமா மாத்தியிருப்பாங்க."

"மத்த அஞ்சு பேரோட ஓட்டும் அப்படியே இருக்கே டீச்சர். உச்சியில 42.09ன்னு அப்பவே இருந்துச்சே. அப்படின்னா அப்பவே ஏழு பேரையும் சேத்துதானே..."

"வகுப்புல குடுத்த தாள்தான் கணக்கு. கிளாஸுக்குப் போ."

புள்ளி நகரவில்லை. "அப்ப எங்க மார்க்கு?"

"பன்னிரண்டு நல்ல மார்க்குதான்."

அந்தப் பெண் டீச்சரின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். கோபமில்லை, அழுகையுமில்லை. புரியாத வரியைத் திரும்பப் படிப்பவள் மாதிரி பார்த்தாள். பிறகு நோட்டை மூடிக்கொண்டு போனாள். கணக்கு வாத்தியார் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். அவரும் எதுவும் கேட்கவில்லை. பூட்டுச் சின்னம் யாருடையது என்று அந்த ஆசிரியர் அறையில் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

*

இரண்டு வாரம் கழித்து செய்முறைக் கண்காட்சி. வகுப்புக்கு ஒரு சுவர். குடிமையியலுக்கு மாடியில் கடைசி அறையை ஒதுக்கியிருந்தார்கள். ஆறு குழுக்களும் ஆறு சார்ட் ஒட்ட வேண்டும். நான்காவது குழு 42.37 என்று போட்டு எழுதிய சார்ட்டை டீச்சர் முந்தின நாளே பார்த்துச் சரி சொல்லியிருந்தாள்.

காலையில் அறைக்குள் நுழைந்தபோது அந்த இடத்தில் வேறொரு சார்ட் இருந்தது. ஏழு வரி. ஆறாவது வரியில் பூட்டுப் படம் வரைந்து, 611 என்றும் 0.49 என்றும் எழுதியிருந்தது. கீழே பெட்டி கட்டி ஒரு கணக்கு. பக்கத்தில் புள்ளி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அது தப்பான சார்ட் டீச்சர். தப்ப எழுதி என் பேரைப் போட எனக்கு மனசு வரல."

"பழச எடுத்துட்டு வா. தலைவர் வர்ற நேரம்."

"பழசக் கிழிச்சுட்டேன்."

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மேல் ஓரத்தில் இரண்டு பின், கீழே இரண்டு. மேலே இருந்த ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தபோது படியில் செருப்புச் சத்தமும் ஹெச்.எம்.மின் சிரிப்பும் கேட்டன. தலைவர் அறைக்குள் வந்துவிட்டார். சார்ட் தலைகீழாக மடிந்து தொங்கியது. புள்ளி சட்டென்று அதன் இரண்டு முனைகளையும் கையால் தூக்கிப் பிடித்துச் சுவரோடு வைத்தாள். டீச்சர் கையில் இரண்டு பின்னோடு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

"அடடே, டீச்சர் பிள்ளைங்களோட சேர்ந்து ஒட்டுறாங்க பாருங்க" என்றார் ஹெச்.எம்.

தலைவர் முதல் மூன்று சார்ட்டுகளையும் பார்த்து "பேஷ்" சொல்லிக்கொண்டே வந்தார். நான்காவதில் நின்றார். மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்துப் பூட்டுப் படத்தில் நிறுத்தினார். பிறகு உரக்கச் சிரித்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கியே பாப்பா. 409ல நான் தோத்தேன். பூட்டு வாங்கினது 611. சின்னப் பொண்ணுக்குக்கூட விளங்குது, என்னைத் தோக்கடிச்சது யாருன்னு." இதைச் சொல்லும்போது அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத மாதிரிச் சொன்னார்.

டீச்சர் தரையைப் பார்த்தாள். இதோடு போனால் போதும் என்று நினைத்தாள்.

"இல்ல சார்" என்றாள் புள்ளி. கைகள் இரண்டும் சுவரில் இருந்ததால் கழுத்தை மட்டும் திருப்பிப் பேசினாள். "அப்படிச் சொல்ல முடியாது. கீழ கணக்கு போட்டிருக்கேன். பூட்டு நிக்கலன்னு வெச்சுக்குவோம். அந்த 611 பேரும் வந்து உங்களுக்கோ ஜெயிச்சவருக்கோ போட்டாங்கன்னு வெச்சுக்குவோம். உங்களுக்கு 510, அவருக்கு 101 விழுந்தாக்கூட சமமாத்தான் வரும். நீங்க ஜெயிக்கணும்னா 511 வேணும். அதாவது 83.63 சதவீதம். மொத்தத் தொகுதியில நீங்க வாங்கினது 41.76. பூட்டுக்குப் போட்டவங்கள்ல மட்டும் அதப் போல ரெண்டு மடங்கு உங்களுக்குப் போட்டிருப்பாங்கன்னு இந்த அட்டவணையில எதுவுமே இல்ல சார்."

 ஹெச்.எம். அடுத்த சார்ட்டைக் கை காட்டினார்.

"அவன் எங்க கட்சிக்காரன்மா" என்றார் தலைவர், இன்னும் சிரிப்பு ஒட்டியிருந்த முகத்தோடு. "எங்க ஓட்டத்தான் பிரிச்சான்."

"இருக்கலாம் சார். ஆனா அது ஓட்டுச் சீட்டுல எழுதியிருக்காது. உங்களுக்குப் போடப் பிடிக்காதவங்களும் பூட்டுக்குப் போட்டிருக்கலாம். அவர் இல்லன்னா சிலர் வராமலே இருந்திருக்கலாம். தெரியாததத் தெரியாதுன்னுதான் எழுத முடியும்."

தலைவர் மெல்லத் தலையாட்டினார். "யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க டீச்சர்தான் சார்" என்றாள் புள்ளி. அவள் சொன்னது சதவீதம் போடும் முறையை. கேட்டவர்களின் காதில் வேறு மாதிரி விழுந்தது.

தலைவர் ஐந்தாவது சார்ட்டைப் பார்க்கவில்லை.

மதியம் ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை. "உங்க வீட்டு நியாயத்தப் பேச ஒரு குழந்தைய ஏத்தி விடுவீங்களா டீச்சர்? அதுவும் அவர் முன்னாடி? நான் பாத்து வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நான் சொல்லிக் குடுக்கல சார். நான் அந்த வரியை வெட்டித்தான் குடுத்தேன்."

"என்ன வரி?"

அவள் சொன்னாள். படம், ஓரம், அடி, இரண்டு வரி, பன்னிரண்டு மதிப்பெண். ஹெச்.எம். முழுதும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"இதை யாரு நம்புவா? அப்படியே நம்பினாலும், பிள்ளைங்களுக்குத் தப்பான தாள் குடுத்தேன்னு வரும். அது இன்னும் மோசம். நீங்க பேசாம இருக்கிறதுதான் நல்லது." ஒப்பந்தம் அடுத்த வருஷம் புதுப்பிக்கப்படாது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. பள்ளி வேலைப் பதிவேட்டைத் திறந்து அவளுடைய பெயருக்கு நேரே எதையோ குறித்துக்கொண்டார். நான்காவது சார்ட்டை அதற்குள் யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள்.

*

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்து வாசலில் காத்திருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு சவரம் செய்திருந்தார்.

"511ஆமே!" என்றார். "83.63ஆமே! கட்சி ஆபீஸ் வாட்ச்மேன் போன் பண்ணிச் சொன்னான். அந்தாளு மூஞ்சி செத்துப் போச்சாம். இத்தனை நாள் இது எனக்குத் தோணவேயில்ல பாரு. நானே பாவி, நானேதான் கெடுத்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வேலை போனா போகட்டும். ஊரே என்னைக் காறித் துப்பினப்ப எனக்காக நின்னது நீ ஒருத்திதான். வகுப்புல போய்ச் சொல்லியிருக்கியே, யாருக்கு வரும் அந்தத் தைரியம்?" அவர் கையை நீட்டினார். "அந்தத் தாள் ஒண்ணு குடு. பெருசு பண்ணி லேமினேட் போட்டுக் கடையில மாட்டுறேன். வர்றவன் போறவன் பாக்கட்டும்."

"எங்கிட்ட இல்லைங்க."

"பைல இருக்கும் பாரு" என்று அவரே பையைத் திறந்தார். அவள் தடுக்கவில்லை.  மீந்த பிரதி ஒன்று புத்தகத்துக்குள் மடிந்து கிடந்தது. அதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம். முப்பது வருஷம் தாளோடு புழங்கியவர் அவர். அடியில் ஆறாவது கட்டத்தின் மேல்கோடு ஒரு மயிரிழை மிஞ்சியிருந்ததை அவர் கண் தப்பவிடவில்லை. தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம மிஷின் இல்ல" என்றார். "பாலத்துக்கு அந்தப் பக்கம். அவன் மிஷின் டிரம்முலதான் இப்படிக் கறுப்பா கோடு விழும்."

அவள் புத்தகத்தை எடுத்து மூடினாள்.

"அந்தப் பொண்ணு தானா கண்டுபிடிச்சதா?"

"ஆமா."

"நீ?"

அவர் தாளை இருந்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். "சாப்பாடு எடுத்து வெக்கட்டுமா?" என்று அவள் கேட்டாள். "பசிக்கல" என்றார். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஏதாவது சொல்ல இருந்திருக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் 511 கணக்கைச் சொல்லத் தொடங்கினார். சொல்லும்போது, "டிரைவர் பொண்ணு ஒண்ணு போட்ட கணக்கு" என்பார். டீச்சரின் பெயரை எடுக்கமாட்டார்.

*

வருஷக் கடைசியில் டீச்சர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு ஹெச்.எம். அறைக்குப் போனாள். தான் கொடுத்த தாள் குறைபாடானது, அந்த மாணவி எழுதியதே சரி, பன்னிரண்டை இருபதாகத் திருத்த வேண்டும் என்று இரண்டு பத்தி. ஹெச்.எம். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார்.

"மார்க் பட்டியல் அனுப்பியாச்சு டீச்சர். இப்பத் திருத்தணும்னா மேலிடத்துக்கு விளக்கம் எழுதணும். எட்டு மார்க்குக்காக எதுக்கு? நல்லாப் படிக்கிற பொண்ணு, முன்னுக்கு வந்துடும்." கடிதத்தை அவள் பக்கமே தள்ளினார்.

"அந்தப் பொண்ணு முதல் மார்க் எடுத்திருக்கும் சார். இப்ப மூணாவது."

"மூணாவதும் நல்ல இடம்தானே?"

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் புள்ளி நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள் போல. டீச்சரைப் பார்த்ததும் வழக்கம்போல "வணக்கம் டீச்சர்" என்றாள்.

"உன் மார்க்க மாத்தச் சொல்லிக் கேட்டேன்மா. முடியாதுன்னுட்டாங்க." கடிதத்தைப் பைக்குள் வைத்தாள். "அந்தத் தாள்... அந்த ரெண்டு வரியை நான்தான் வெட்டினேன்."

"தெரியும் டீச்சர்."

"எப்பலேர்ந்து?"

"அப்பா போன்ல பாத்த அன்னைக்கே. ஆறாவது ஆளு யாருன்னு அப்பா சொன்னாரு."

"தெரிஞ்சுமா மறுநாள் வந்து எங்கிட்டக் கேட்ட?"

புள்ளி சாலையைப் பார்த்தாள். "நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நான் அந்தச் சார்ட்ட ஒட்டியிருக்கவே மாட்டேன். அஞ்சு வரியோடவே விட்டிருப்பேன்."

டீச்சர் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பதினைந்து வயதுப் பெண்ணிடம் எப்படித் தொடங்குவது என்று அவள் தேடிக்கொண்டிருக்கையில் பஸ் வந்து நின்றது. புள்ளி ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அப்பா ஏதோ கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்பது போலத் தலையாட்டினாள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை.